தொண்ணூற்றெட்டு சதவீதம் முடிந்தது

லினக்ஸ் கணினிகளில் பலரும் பயன்படுத்தும் க்னோம் மேசைத்திரை ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பாக வருகிறது. எல்லா மொழிகளுக்கும் ஒரே நாள். மொழிபெயர்ப்பவர்களில் பெரும்பாலோர் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள். எந்த மொழியில் எது பாக்கி என்பதை 'டாம்ண்டு லைஸ்' என்ற இணையதளம் காட்டுகிறது. புள்ளிவிவரங்களைக் கிண்டலடிக்கும் பழைய ஆங்கிலச் சொலவடையிலிருந்து வந்த பெயர். கணக்கு வைப்பவர்களே தங்கள் கணக்கை இப்படிச் சந்தேகிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. 'தமிழ் முடிந்தது' என்று பட்டியலில் ஒரு டிக் போட்டால் போதாது. ஆங்கில மூலம் அதற்குப் பிறகும் மாறும். நிரலர் ஒருவர் "கோப்பை நீக்கவா?" என்ற கேள்வியை "நிரந்தரமாக நீக்கவா?" என்று மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்புக் கோப்பைப் புதுப்பித்ததும் அந்த இடம் இப்படி ஆகிவிடும்:

```
#, fuzzy
#| msgid "Delete file?"
msgid "Delete file permanently?"
msgstr "கோப்பை நீக்கவா?"
```

பழைய தமிழ் வரி அப்படியே இருக்கிறது. ஆனால் `fuzzy` என்ற அடையாளம் விழுந்துவிட்டது. யாராவது பார்த்துச் சரிசெய்து அதை எடுக்கும்வரை, செயலி அந்த வரியைப் பயன்படுத்தாது; திரையில் ஆங்கிலம்தான் தெரியும். இது நல்ல ஏற்பாடு. நிரந்தரமாக அழியப்போகும் கோப்பைப் பற்றி அரைகுறையாக எச்சரிப்பதைவிட ஆங்கிலமே மேல். ஆனால் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஆங்கில வரியில் யாரோ ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் இதே கதிதான். பொருள் மாறவே இல்லை, ஆனால் எல்லா மொழிகளிலும் அந்த வரி ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும்.

அதனால்தான் வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் சொற்களை உறைய வைக்கிறார்கள். அதன்பின் திரையில் வரும் எந்த வரியை மாற்றவும் மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். நிரலர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

உறைய வைத்த பிறகும் சதவீதத்தை அப்படியே நம்ப முடியாது. கணக்கில் எல்லா வரியும் ஒன்றுதான்: தினமும் நூறு முறை கண்ணில் படும் பொத்தானும், எவரும் திறக்காத மூலையில் வரும் பிழைச்செய்தியும் சமம். 98 சதவீதம் என்று காட்டும் மொழியில் மீதி இரண்டும் முதல் திரையிலேயே இருக்கலாம். செயலியை அந்த மொழியில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு பொறி, வேலை நடுவழியில் நிற்பது. ஒருவர் ஒரு கோப்பைத் தன் பெயரில் எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர் அதே வேலையைச் செய்து வீணாகாமல் இருக்க அது உதவுகிறது. முடித்ததும் வேறொருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும், பிறகு அது மூல நிரலில் சேர வேண்டும். மொழிபெயர்த்தவருக்கு வேலை முடிந்துவிட்டது. மெய்ப்புப் பார்ப்பவர் விடுப்பில் இருந்தால் செயலிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. வெளியீட்டுத் தொகுப்பைக் கட்டும் நேரத்தில் மூல நிரலில் இருப்பது மட்டும்தான் உள்ளே போகும். மறுநாள் சேர்ந்தது அடுத்த திருத்தப் பதிப்புக்குக் காத்திருக்கும்.