பைப் ஒழுகுதா... இல்ல, வியர்க்குதா? ஒரு டிஷ்யூ பேப்பர் போதும், கண்டுபிடிச்சிடலாம்!

ஜூலை மாசம். டொரன்டோவில் படிக்கப் போன நீங்க, ஒரு பேஸ்மென்ட் அறையில் தங்கியிருக்கீங்க. ஒருநாள் பார்த்தா, மேலே போகிற தண்ணி பைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து சுவரெல்லாம் ஈரம். வீடியோ கால்ல அம்மாகிட்ட காட்டினா, "குழாய் ஒழுகுதுப்பா, பிளம்பரைக் கூப்பிடு" என்பார். கொஞ்சம் பொறுங்க. அது ஒழுகலாகவே இல்லாமல் இருக்கலாம்!

ஜில்லுனு ஜூஸ் ஊற்றின டம்ளருக்கு வெளியே நீர் பூக்குமே, அதேதான் இதுவும். அறையில் 26 டிகிரி வெப்பம், 70 சதவிகித ஈரப்பதம் இருந்தால், சுமார் 20 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருள் மீதும் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். பைப்புக்குள் வருவது 12 டிகிரி தண்ணி என்றால், வியர்க்காமல் என்ன செய்யும்? நம்ம ஊரில் மாடித் தொட்டித் தண்ணி வெயிலில் சூடாகிவிடுவதால், இந்த வியர்வையை அம்மா பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பைப்பை நன்றாகத் துடைத்துவிட்டு, உலர்ந்த டிஷ்யூவை நீளவாக்கில் சுற்றுங்க. யாரையாவது பத்து நிமிஷம் ஷவரைத் திறந்துவிடச் சொல்லுங்க. டிஷ்யூ முழுக்கப் பரவலாக ஈரமானால் அது வியர்வை. ஒரே இடத்தில், அதுவும் ஜாயின்ட் பக்கத்தில் மட்டும் நனைந்து கீழே வழிந்தால் ஒழுகல். பக்கத்தில் போகிற சுடுதண்ணி பைப் வியர்க்கவே வியர்க்காது. அதிலும் ஈரம்னா சந்தேகமே வேண்டாம்.

இன்னும் உறுதியாகத் தெரியணுமா? வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிட்டு, வாட்டர் மீட்டரை போட்டோ எடுங்க. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு போட்டோ. எண் நகர்ந்திருந்தால் எங்கோ தண்ணி போகுது. ஆனால், அந்தக் கசிவு பாத்ரூம் ஃபிளஷ் டேங்கிலும் இருக்கலாம். அது ஓடிக்கிட்டே இருந்தால் பைப்பில் குளிர்ந்த தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். ராத்திரியிலும் வியர்வை நிற்காது. அப்போ சரிசெய்ய வேண்டியது பைப்பை அல்ல, ஃபிளஷ்ஷை! கழிவுநீர்க் குழாய் ஒழுகினால் மட்டும் மீட்டரில் தெரியாது.

வியர்வைதான் என்றால், பைப்பைத் துடைத்துக் காயவைத்து, கடையில் கிடைக்கிற ஃபோம் உறையை மாட்டுங்க. இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்க. சின்ன சந்து இருந்தாலும் ஈரக்காற்று உள்ளே போய் மறுபடி வியர்க்கும். ஒழுகல் இல்லை என்று உறுதியான பிறகே இதைச் செய்யணும். இல்லாட்டி, ஒழுகலை உறை மறைச்சிடும். சுவருக்குள் பூஞ்சை படர்ந்த பிறகுதான் உங்களுக்கே தெரியவரும்.