பூசலார் நாயனார் புராணத்தில் காட்சியும் தொகுத்துரையும்

திறவுச்சொற்கள்: பெரியபுராணம், பூசலார், எடுத்துரைப்பு, கதைக்காலம், காட்சி, தொகுத்துரை

முன்னுரை

கதையில் கழியும் காலமும் அதைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் இடமும் ஒத்துச் செல்வதில்லை. பிரெஞ்சு எடுத்துரைப்பியல் அறிஞர் ழெரார் ழெனெத் 1972இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வுறவைக் காட்சி, தொகுத்துரை, விடுபாடு, நிறுத்தம் என நான்காகப் பகுத்தார். பேச்சும் செயலும் நிகழும் வேகத்திலேயே சொல்லப்படுவது காட்சி. நெடுங்காலத்தைச் சில சொற்களில் கடப்பது தொகுத்துரை. இவ்விரண்டையும் ஒரு கதைசொல்லி எதன் அடிப்படையில் மாற்றி மாற்றிக் கையாளுகிறார் என்பதைச் சேக்கிழாரின் பூசலார் நாயனார் புராணத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஆவடிக்கு மேற்கே உள்ள திருநின்றவூரே இக்கதையின் களம். இதை விரித்த சேக்கிழாரும் பூந்தமல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரைச் சேர்ந்தவர்.

பாடல்களின் பங்கீடு

சுந்தரரின் திருத்தொண்டத்தொகை பூசலாரின் பெயரையும் ஊரையும் ஓரடியில் சுட்டுகிறது. நம்பியாண்டார் நம்பி ஒரு பாடல் அளிக்கிறார். சேக்கிழார் அதைப் பதினெட்டு விருத்தங்களாக விரிக்கிறார். எல்லாம் நான்கடிப் பாடல்கள் ஆதலால், எந்த நிகழ்வுக்கு எவ்வளவு இடம் தரப்பட்டது என்பதைப் பாடல் எண்ணிக்கையாலேயே அளந்துவிடலாம்.

முதற்பாடல் கதை முழுவதையும் முன்கூட்டியே தொகுத்துச் சொல்லிவிடுகிறது. பொருள் தேடி அலைந்தும் ஒன்றும் கிட்டாமல் பூசலார் வருந்திய காலம் ஐந்தாம் பாடலின் முற்பாதியில் முடிந்துவிடுகிறது. மனத்தில் கோயில் எழுப்பிய நெடுங்காலம் ஆறு முதல் எட்டு வரையிலான மூன்று பாடல்களில் அடங்குகிறது. காடவர் கோமானின் கனவு ஓர் இரவுதான். அதற்கு இரண்டு பாடல்கள். மன்னன் நின்றவூருக்கு வந்த பயணம் பதினோராம் பாடலுக்குள் முடிகிறது. அவன் ஊருக்குள் நுழைந்தது முதல் திரும்பும் வரையிலான சிறு பொழுதோ பன்னிரண்டு முதல் பதினாறு வரை ஐந்து பாடல்களைப் பெறுகிறது. பூசலாரின் எஞ்சிய வாழ்நாளுக்கு ஒரே பாடல். கால அளவும் பாடல் அளவும் ஏறத்தாழ எதிரெதிராகச் செல்கின்றன.

திருப்புமுனையில் தங்குதல்

முடிவு முன்பே தெரிந்த கதையில், என்ன நடக்கும் என்ற ஆவலுக்கு இடமில்லை. பூசலார் மட்டும் அறிந்த ஒன்று பிறருக்கு எப்படி வெளிப்படும் என்பதே இங்குள்ள ஆவல். ஆகவே அறிந்தோரும் அறியாதோரும் எதிர்ப்படும் இடத்தில் காட்சி விரிகிறது. கோயில் எங்கே என்று மன்னன் கேட்கிறான். அப்படியொன்றைப் பூசல் கட்டவில்லை என்கின்றனர் ஊரார். மறையோரை வரவழைத்துப் பூசலார் யார் என வினவுகிறான். அவரை அழைத்துவர இசையாமல் தானே செல்கிறான். ஒவ்வொரு பேச்சும் செயலும் நிலைமையைச் சற்றே மாற்றுகிறது. இவ்வாறு மாற்றுவதே காட்சிக்குரிய தகுதி. பயணத்திற்கு அது இல்லை.

காட்சிக்குள் தொகுத்துரை

பதினைந்தாம் பாடல் நுட்பமானது. மன்னனின் கேள்வியால் மருளும் பூசலாரின் வியப்பு அவர் வாய்மொழியாகவே வருகிறது. ஆனால் கோயில் கட்டிய வகையை அவர் விளக்கியதை, எடுத்துச் சொன்னார் என்ற அளவில் சேக்கிழார் முடித்துவிடுகிறார். மன்னனுக்கு அது புதிது, படிப்பவருக்குப் பழையது. உச்சக்காட்சி என்பதற்காக எல்லாவற்றையும் விரிக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

கட்டுமானப் பாடல்கள் இதன் மறுபக்கம். அவற்றில் உரையாடல் இல்லை; எனவே அவை காட்சி அல்ல. ஆயினும் தச்சர், நன்னாள், அடிநிலை, சிகரம், தூபி, சுதை, கிணறு, மதில், குளம் எனப் பணிமுறை வழுவாமல் செல்வதால் அவை வெறும் தொகுத்துரையாகவும் சுருங்கவில்லை. இவற்றை நீக்கிப் படித்தால் குறை எங்கே என்பது புலப்படும். ஊரார் கோயில் இல்லை என்னும்போது படிப்பவரும் அவர்களோடு உடன்பட்டுவிடுவார். மன்னனின் வியப்பு வேரற்றுப்போகும். மாறாக, பயணத்தை மூன்று பாடல்களாக விரித்தாலும் பிற்பகுதியில் எதுவும் வலுப்பெறாது.

முடிவுரை

ஒரு பகுதி விரிவுக்கு உரியதா என்பதைப் பின்வரும் பகுதியே தீர்மானிக்கிறது. நீக்கினால் பின்னுள்ள பேச்சோ செயலோ பொருளிழக்குமாயின் அதற்கு இடம் வேண்டும். இல்லையெனில் ஓரடி போதும். எனினும் பாடல் எண்ணிக்கை இடத்தின் அளவை மட்டுமே காட்டும்; அந்த இடம் காட்சியால் நிறைந்ததா தொகுத்துரையால் நிறைந்ததா என்பதைப் பாடலுக்குள் சென்றே அறிய முடியும் என்பதைப் பதினைந்தாம் பாடல் உணர்த்துகிறது.