நிலநடுக்கத்தின்போது நோயாளியின் அறை

1995ஆம் ஆண்டு ஜனவரி 17 அன்று காலை 5.46 மணிக்கு ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியது. பலத்த அதிர்வு ஏறத்தாழ இருபது விநாடிகளே நீடித்தது. உயிரிழந்தோர் 6,400 பேருக்கும் மேல். ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. இடிந்து விழுந்த பழைய மரவீடுகளுக்கும் சரிந்த அலமாரிகளுக்கும் அடியில் சிக்கியே பெரும்பாலோர் மாண்டனர். வலுவற்ற வீட்டை உறுதிப்படுத்துவது கட்டடப் பொறியாளரின் பணி. வீடு நிலைத்து நின்றும் உள்ளிருப்பவர் காயமுறுவது ஏன் என்பதையே இங்குக் காண்போம். எழுந்து நடக்க இயலாத ஒருவர் வீட்டில் இருப்பின், அவர் படுத்திருக்கும் அறையே அவருக்குப் பாதுகாப்பான இடமாக அமைந்தாக வேண்டும்.

ஆறரை அடி உயரமும் ஒன்றரை அடிக்குச் சற்றே மிகுந்த ஆழமும் உடைய இரும்புப் பீரோ ஒன்று கட்டிலருகே நிற்பதாகக் கொள்வோம். அதன் உயரம் ஆழத்தைப்போல் நான்கு மடங்கு. ஆகவே, அதன் எடையில் கால் பங்கு அளவான விசை பக்கவாட்டில் இழுத்தாலே அது முன்புறமாகச் சாயத் தொடங்கிவிடும். பலத்த நிலநடுக்கத்தில் அத்தகைய விசை எளிதில் ஏற்படும். கனமான பொருள்கள் மேல்தட்டில் இருந்தால் அது இன்னும் விரைவில் சரியும்.

இதனைத் தடுக்க, பீரோவின் மேல்விளிம்பை ஒட்டி, எல் வடிவ இரும்புத் தகடுகளை இரண்டு இடங்களில் பொருத்திச் சுவரோடு பிணைக்க வேண்டும். பீரோவின் தகடு மெல்லியது. அது மடிந்து தடித்திருக்கும் விளிம்பில் துளையிட்டு, உட்புறம் அகன்ற வாஷர் வைத்து முடுக்குதல் நன்று. சுவரில் ஆணி அடித்தால் போதும் என்று எண்ணிப் பலரும் ஏமாறுவது உண்டு. ஆணி பூச்சில் மட்டுமே பற்றியிருக்கும். துளை பூச்சைக் கடந்து செங்கல்லின் நடுப்பகுதிக்குள் செல்ல வேண்டும். இரு கற்களுக்கிடையே உள்ள சாந்தில் இறங்கினால் போல்ட் பிடிக்காது. பொருத்திய பின் பீரோவின் மேற்பகுதியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். தகடு ஆடினாலோ பூச்சு உதிர்ந்தாலோ அது பிணைக்கப்படவில்லை என்றே பொருள்.

வாடகை வீட்டில் துளையிட இயலாதெனில், பீரோ விழுந்தாலும் கட்டிலையோ கதவு திறக்கும் வழியையோ எட்டாத இடத்துக்கு அதனை நகர்த்துங்கள். ஆக்சிஜன் உருளையைச் சங்கிலியால் சுவரோடு கட்டிவைத்தல் கட்டாயம். அது விழுந்து வால்வு உடைந்தால் உருளையே சீறிப் பாயும்.

அதிர்வு தொடங்கியதும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முயல வேண்டா. படுக்கையில் இருப்பவர் அங்கேயே இருந்து, முடிந்தால் குப்புறப் புரண்டு, தலையையும் கழுத்தையும் தலையணையால் மூடிக்கொள்ளட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் சக்கரங்களைப் பூட்டி, முன்குனிந்து, கைகளால் தலையைக் காத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் உறுதியான மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். வாசற்படி நிலைக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

கோபேயில் அதிர்வு நின்றபின் தீ தொடர்ந்தது. நகாட்டா வட்டாரத்தில் தெருத்தெருவாக வீடுகள் எரிந்தன; நிலத்தடிக் குழாய்கள் உடைந்திருந்தமையால் தீயணைப்போருக்கு நீர் கிடைக்கவில்லை. காரணம் கண்டறியப்பட்ட தீ விபத்துகளில் பாதிக்கும் மேல் மின்சாரத்தால் நேர்ந்தவை. அவற்றுள் பல, அறுந்த மின்சாரம் திரும்ப வழங்கப்பட்டபோது மூண்டன. படுக்கையின்மேல் கவிழ்ந்து கிடந்த மின்னடுப்பும், பீரோவின் அடியில் நசுங்கிய கம்பியும் ஆளில்லா வீட்டில் மீண்டும் உயிர்பெற்றன. நிலநடுக்கத்தை உணர்ந்து தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை அந்நாட்டில் இன்று வீடுகளில் பொருத்துகின்றனர்.

அக்கருவி இல்லாத வீட்டில் அவ்வேலையை நாமே செய்ய வேண்டும். அதிர்வு நின்றதும் எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூடுங்கள். வாயு நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், சன்னல்களைத் திறந்துவிட்டு, நோயாளியுடன் வெளியேறுங்கள். நாற்றம் இல்லையெனில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செல்லுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இது மட்டும் போதாது. பேட்டரியிலிருந்து மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்குமாதலால் அதனைத் தனியாக நிறுத்த வேண்டும். திரும்பி வந்தபின் ஒவ்வொரு கருவியின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கம்பிகளைச் சோதித்த பிறகே மெயினைப் போடுங்கள்.

ஆக்சிஜன் பெறும் நோயாளியின் போர்வையிலும் ஆடையிலும் அவ்வாயு தேங்கியிருக்கும். ஒரு பொறியே பெருந்தீயாகும். ஆகவே மின்சாரம் போனாலும் அவ்வறையில் மெழுகுவர்த்தியோ தீக்குச்சியோ கூடாது. ஆக்சிஜன் தயாரிக்கும் மின்கருவி நின்றுவிடும் என்பதால், மாற்று உருளை ஒன்று எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை மருத்துவரிடம் இப்பொழுதே கேட்டறியுங்கள். டார்ச் விளக்கு, மூக்குக்கண்ணாடி, சில நாள்களுக்கான மருந்து, சிதறிய கண்ணாடித் துண்டுகளின் மேல் நடக்க ஒரு சோடி காலணி ஆகியவற்றை ஒரு பையிலிட்டுக் கட்டிற்காலில் கட்டிவையுங்கள். மேசைமேல் வைத்த பை அதிர்வில் எங்கோ உருண்டுவிடும். இருட்டில் அதனைத் தேட நேரம் இராது.