“வீட்டுத் தயாரிப்பு”, “பாதுகாப்புப் பொருள் சேர்க்காதது”: மூணாறுச் சாக்லேட்டும் விளம்பர விதிகளும்

மூணாறுக்குச் செல்வோர் தேயிலையுடன் சாக்லேட்டையும் வாங்கி வருவது வழக்கம். அங்குள்ள கடைகளில் அது “வீட்டுச் சாக்லேட்” என்னும் பெயரால் விற்பனையாகிறது. கைப்பேசியின் வழியே வெளியிடப்படும் விளம்பரங்களில், “பாதுகாப்புப் பொருள் எதுவும் இல்லை” என்ற வாசகமும் அதனுடன் சேர்ந்துகொள்வதுண்டு. இவ்விரு சொற்றொடர்களும் எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வோம்.

முதலில் தயாரிப்பு முறையை அறிதல் வேண்டும். இத்தகைய சாக்லேட்டைச் செய்வோர் பெரும்பாலும் கொக்கோ விதையை வறுத்து அரைப்பதில்லை. ஆலையில் செய்த சாக்லேட் பாளத்தை வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குகின்றனர். அதில் முந்திரி, பாதாம், உலர்ந்த திராட்சை ஆகியவற்றைக் கலந்து, அச்சில் வார்த்து, ஆறியபின் வண்ணத் தாளில் சுற்றுகின்றனர். ஆகவே வீட்டில் நிகழ்வது உருக்குதலும் வார்த்தலுமே. சாக்லேட் பிறந்தது ஆலையில்தான்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் வெளியிட்ட விளம்பர, உரிமைகோரல் ஒழுங்குமுறைகள் 2019 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. “வீட்டில் செய்தது”, “வீட்டில் சமைத்தது” போன்று நுகர்வோருக்குத் தவறான எண்ணத்தை உண்டாக்கக்கூடிய சொற்களை ஆளலாகாது என்பது அவற்றின் கருத்து. பாளத்தை உருக்கி வார்த்த பண்டத்தை “வீட்டுச் சாக்லேட்” என்னும்போது, முழுவதும் வீட்டிலேயே உருவானது என்று வாங்குபவர் எண்ணுவார். அவ்வெண்ணம் பிழையாகும்.

இரண்டாவது கூற்றைக் காண்போம். பாக்டீரியாவும் பூஞ்சணமும் வளர்வதற்கு நீர் வேண்டும். சாக்லேட்டில் நீர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்குதான். ஆதலின் எவர் செய்த சாக்லேட்டிலும் பாதுகாப்புப் பொருளைச் சேர்க்கவேண்டிய தேவை இல்லை. ஒரே வகைப் பண்டங்கள் யாவற்றிற்கும் பொதுவான ஓர் இயல்பைத் தம் பண்டத்திற்கே உரிய சிறப்பாகக் காட்டுவதையும் மேற்சொன்ன விதிகள் ஏற்பதில்லை. அப்பொதுமை கூற்றிலேயே விளங்குமாறு எழுதினால் மட்டுமே அது தகும்.

இதனினும் நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. பொன்னிறம் மாறாத உலர்ந்த திராட்சை பெரும்பாலும் கந்தக டை ஆக்சைடால் பதப்படுத்தப்பட்டது. அது பாதுகாப்புப் பொருள்களுள் ஒன்று. ஒரு கிலோ திராட்சையில் 500 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு இருப்பதாகக் கொள்வோம். சாக்லேட்டில் பத்தில் ஒரு பங்கு திராட்சை எனின், ஒரு கிலோ சாக்லேட்டில் 50 மில்லிகிராம் சேர்ந்துவிடும். ஒரு கிலோவிற்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட்டு இருந்தால் அதனைச் சீட்டில் அறிவித்தல் வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் சீட்டு விதி. ஆஸ்துமா உடையோர் சிலருக்குச் சல்பைட்டு மூச்சிரைப்பை உண்டாக்கும். “எதுவும் இல்லை” என்ற சொல்லை நம்பி உண்போருக்கு இது தீங்காகலாம். செய்பவர் தம் கையால் எதனையும் சேர்க்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் வாங்கிய திராட்சையோடு அது வந்துவிட்டது.

பாளத்தின் உறையையும் படித்தறிதல் வேண்டும். மலிவான பாளங்கள் சிலவற்றில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு இருக்கும். சாக்லேட்டில் பிற தாவரக் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்கிற்கு மிகலாகாது. அவ்வளவிற்குள் இருப்பினும் சீட்டில் குறிப்பிட வேண்டும். கொக்கோ வெண்ணெய் உடல் வெப்பத்திற்குச் சற்றுக் கீழேயே உருகுவதால் நாவில் விரைந்து கரையும். மாற்றுக் கொழுப்பு மெழுகு போன்ற படலத்தை விட்டுச் செல்வதுண்டு. ஆனால் நாவின் தீர்ப்பு உறுதியானதன்று. உறையில் அச்சிட்ட சேர்பொருட் பட்டியலே தக்க சான்று.

இனி, உண்மை பிறழாமல் எழுதுவது எங்ஙனம்? “வாங்கிய சாக்லேட் பாளத்தை உருக்கி, முந்திரியும் திராட்சையும் கலந்து, மூணாறில் கையால் வார்த்தது. திராட்சையில் சல்பைட்டு உள்ளது” என எழுதலாம். சல்பைட்டு இல்லாத திராட்சையை வாங்கியவர், விற்றவரின் சீட்டைச் சான்றாக வைத்துக்கொண்டு, “சல்பைட்டு சேர்க்காத திராட்சை” என்று கூறலாம். விளம்பரத்தில் ஒன்றும் சீட்டில் வேறொன்றுமாக இருத்தல் கூடாது. தவறான விளம்பரத்திற்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது.

கையால் வார்த்தது என்பதும் ஒரு சிறப்பே. அச்சிறப்பை உள்ளவாறு கூறினாலே போதும். இல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்ற வேண்டுவதில்லை.