மார்க்கெட் ஏறியும் பணம் குறைவது ஏன்?

“நிஃப்டி ஏறும் என்று நினைத்துத்தான் கால் ஆப்ஷன் வாங்கினேன். நினைத்தபடியே ஏறியது. ஆனாலும் போட்ட பணம் குறைந்துவிட்டதே?” பட்ஜெட், தேர்தல் முடிவு, கம்பெனிகளின் காலாண்டு முடிவு என்று ஒவ்வொரு பெரிய நாளும் கழிந்தபின், ஆப்ஷனுக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் கணித்த திசையில் தவறில்லை. அவர் வாங்கிய விலைக்குள் வேறொன்றும் அடங்கியிருந்தது. அதைப் புரிந்துகொள்ள 2024 மக்களவைத் தேர்தல் முடிவு வெளியான வாரத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

வாக்கு எண்ணிக்கை ஜூன் 4, செவ்வாய்க்கிழமை என்பது பல வாரங்களுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அப்போது நிஃப்டியின் வாராந்தர எக்ஸ்பைரி வியாழக்கிழமைகளில் வந்தது. மே 30-ல் முடியும் ஆப்ஷனுக்குத் தேர்தல் முடிவைப் பற்றிக் கவலையில்லை. முடிவு வருவதற்குள் அதன் ஆயுள் தீர்ந்துவிடும். ஒரே வாரம் தள்ளி ஜூன் 6-ல் முடியும் ஆப்ஷனோ அந்த நாளைத் தாண்டித்தான் போயாக வேண்டும். மாதக் கடைசியில், ஜூன் 27-ல் முடிவதும் அப்படியே.

ஆப்ஷனின் பிரீமியத்தில் பெரும்பகுதி, எக்ஸ்பைரிக்குள் விலை எவ்வளவு அசையும் என்ற எதிர்பார்ப்புக்கான கட்டணம். பிரீமியத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த எதிர்பார்ப்பை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்வதே இம்ப்ளைட் வோலடிலிட்டி, சுருக்கமாக ஐ.வி. எக்ஸ்பைரிக்கு ஓர் ஐ.வி. உண்டு. அவற்றைத் தேதி வாரியாக வரிசையில் வைத்துப் பார்ப்பதற்குப் பெயர்தான் வோலடிலிட்டி டெர்ம் ஸ்ட்ரக்சர். சந்தை அமைதியாக இருக்கும் காலத்தில் இந்த வரிசை பக்கத்து எக்ஸ்பைரியில் தாழ்ந்தும், தூரத்தில் சற்று உயர்ந்தும் இருக்கும். பெரிய நாள் நெருங்கினால் தலைகீழாகிவிடும்.

அது ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. நிஃப்டி 23,000-ல் நிற்கிறது. சாதாரண நாளில் 0.8 சதவீதம் அசையும். வாக்கு எண்ணிக்கை நாளில் மட்டும் 3 சதவீதம் அசையும் என்று சந்தை எதிர்பார்க்கிறது. ஜூன் 3 காலையிலிருந்து எண்ணினால் ஜூன் 6 எக்ஸ்பைரிக்கு நான்கு வர்த்தக நாட்கள். பக்ரீத் விடுமுறை போக ஜூன் 27-க்குப் பதினெட்டு நாட்கள்.

தினசரி அசைவுகளை நேராகக் கூட்டக் கூடாது. இன்று ஏறி நாளை இறங்கினால் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு நாள் அசைவையும் வர்க்கமாக்கிக் கூட்டி, நாட்களால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.8-ன் வர்க்கம் 0.64. 3-ன் வர்க்கம் 9. அந்த ஒரே நாள் பதினான்கு சாதாரண நாட்களுக்குச் சமம் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

பக்கத்து எக்ஸ்பைரியில் மூன்று சாதாரண நாட்களும் ஒரு பெரிய நாளும் சேர்ந்து 10.92 வருகிறது. நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நாளொன்றுக்கு 1.65 சதவீதம். ஆண்டுக் கணக்காக்க 16-ஆல் பெருக்குவது வழக்கம். ஆண்டில் சுமார் 252 வர்த்தக நாட்கள், அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16. விடை 26 சதவீதம். மாதக் கடைசி எக்ஸ்பைரியில் பதினேழு சாதாரண நாட்களோடு அதே பெரிய நாள் சேர, ஐ.வி. 17 சதவீதம்தான். டிசம்பர் எக்ஸ்பைரியில் அது 13-ஐ ஒட்டியே நிற்கும். எந்த நிகழ்வும் இல்லாவிட்டால் மூன்றுமே 13-தான்.

ஒரு பிடி உப்பை டம்ளர் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அண்டாவில் போட்டால் நாக்குக்கே தெரியாது. உப்பு அதேதான், கலக்கும் தண்ணீர்தான் வேறு. ஆகவே 26-ஐயும் 17-ஐயும் பார்த்து “பக்கத்தில் இருப்பது அநியாய விலை, தூரத்தில் இருப்பது மலிவு” என்று நினைப்பது தவறு. இரண்டுக்குள்ளும் இருப்பது அதே செவ்வாய்க்கிழமை.

இப்போது இதை ரூபாயில் பார்க்கலாம். 23,000 ஸ்ட்ரைக்கில் காலும் புட்டும் சேர்த்து வாங்கும் செலவு, எக்ஸ்பைரிவரை எதிர்பார்க்கும் அசைவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். ஜூன் 6-க்கு அது சுமார் 608 புள்ளி. தேர்தல் முடிவு இல்லாத சாதாரண வாரமாக இருந்தால் 294 போதும். ஜூன் 27-க்கு 820. சாதாரண காலத்தில் 624. பக்கத்தில் விலை இரட்டிப்புக்கும் மேல், தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை.

நம் நண்பர் கால் மட்டும் வாங்கினார்; 304 புள்ளி. அப்போதைய லாட் 25 என்பதால் 7,600 ரூபாய். செவ்வாய்க்கிழமை முடிவில் நிஃப்டி 1 சதவீதம் ஏறி 23,230-ல் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பெரிய நாள் கடந்துவிட்டது. மிச்சம் இரண்டே சாதாரண நாட்கள், ஐ.வி. 26-லிருந்து 13-க்கு விழுந்துவிட்டது. ஆப்ஷனின் மதிப்பு இப்போது சுமார் 257 புள்ளி, அதாவது 6,425 ரூபாய். திசை சரி, நஷ்டம் 1,175. சந்தை 3 சதவீதம் அசையும் என்பதற்கான பணத்தை அவர் முன்கூட்டியே கட்டிவிட்டார்; அசைந்ததோ 1 சதவீதம். வர்த்தகர்கள் இதைத்தான் ஐ.வி. கிரஷ் என்கிறார்கள்.

“அப்படியானால் முந்தைய நாள் விற்றுவிட்டால் லாபம்தானே?” என்று சிலர் கிளம்புவார்கள். அந்த வாரம் உண்மையில் நடந்ததைப் பார்த்தால் போதும். ஜூன் 1, சனிக்கிழமை மாலை வாக்குக் கணிப்புகள் வந்தன. திங்கட்கிழமையே நிஃப்டி 3.25 சதவீதம் ஏறி 23,263.90-ல் முடிந்தது. ஒரே நாள் என்று எண்ணிய நிகழ்வு இரண்டாகப் பிரிந்துவிட்டது. செவ்வாயன்று 1,379 புள்ளி, கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. 3 சதவீத அசைவுக்கான விலைக்கு விற்றவர் அதைப்போல் இரண்டு மடங்கு அசைவைச் சுமந்திருப்பார். பக்கத்து எக்ஸ்பைரியில் விலை அதிகமாக இருந்தது. கடைசியில் அதுவும் போதாமல் போனது. அடுத்த நாள் நிஃப்டி 3 சதவீதத்துக்கும் மேல் மீண்டெழுந்தது. அவ்வளவு பெரிய அசைவிலும், செவ்வாயன்று 26.75-ல் முடிந்த இந்தியா விக்ஸ் 19-க்குக் கீழே வந்துவிட்டது. ஏனென்றால் அது இனி வரும் 30 நாட்களுக்கான எதிர்பார்ப்பை அளப்பது. வரவேண்டிய நிகழ்வு வந்து போய்விட்டது.

பெரிய நாளுக்கு முன் ஆப்ஷனில் இறங்குபவர் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்து ஐ.வி. 26, அதை 16-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, நான்கு நாளால் பெருக்கினால் ஏறத்தாழ 11. சாதாரண நாட்கள் மூன்றின் பங்கான 1.92-ஐக் கழித்தால் மீதி 9, வர்க்கமூலம் 3. சந்தை இந்த நாளுக்குப் போட்டிருக்கும் விலை அதுதான். சாதாரண நாளின் அசைவாக நாம் எடுக்கும் 0.8 தவறினால் விடையும் கொஞ்சம் நகரும்; பக்கத்து எக்ஸ்பைரியில் அந்தத் தவறு சிறிது, தூரத்து எக்ஸ்பைரியில் பெரிது. ஆகவே இதற்குப் பக்கத்து எக்ஸ்பைரியையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கால் வாங்கிய நண்பர் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்வி, “நிஃப்டி ஏறுமா?” என்பது. 304 புள்ளி கொடுத்தபோது அவர் வாங்கியது வேறொரு கேள்விக்கான விடையை: “கொடுத்த விலையை ஈடுகட்டும் அளவுக்காவது ஏறுமா?”