தீபாவளி எந்த மாதம் வந்தது?

2024 நவம்பர் மாதக் கணக்கு முடிந்த அன்று, எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றின் கல்லாவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். மாதத்தாளைப் பார்த்த முதலாளிக்கு முகம் வாடிவிட்டது.

“என்னய்யா இது, போன நவம்பர்ல பாதிகூட இல்லையே? ஆளுங்க சரியா நிக்கலையா?”

கணக்குப் பார்ப்பவர் பதற்றப்படவில்லை. “முதலாளி, போன வருஷம் தீபாவளி நவம்பர் 12. இந்த வருஷம் அக்டோபர் 31. நவம்பர் பொறக்கிறதுக்கு முன்னாடியே வியாபாரம் முடிஞ்சுபோச்சு. அக்டோபர் தாளையும் எடுங்க.”

அந்த அக்டோபர் தாளைப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி ஒரு மாதம் முன்பு எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த மகிழ்ச்சிக்கும் இந்த வருத்தத்துக்கும் காரணம் ஒன்றுதான்: பண்டிகை நகர்ந்திருந்தது.

பொங்கலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது சூரியனை ஒட்டி வருவதால் ஜனவரி 14 அல்லது 15ஐ விட்டு நகராது. தீபாவளி ஐப்பசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தாலும் ஏறக்குறைய 354 நாள்தான். அதனால் ஒவ்வொரு வருடமும் 11 நாள் போல முன்னுக்கு வரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்று சேரும்போது, ஒரேயடியாக 19 நாள் போலப் பின்னால் போகும். 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8 என்று வரிசை போவது இதனால்தான்.

இது கணக்கை எவ்வளவு கெடுக்கும் என்று பார்க்க, வட்டமான தொகைகளில் ஒரு கடையை மனதில் வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் 1 லட்சம் ரூபாய் வியாபாரம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கூட்டம் ஏறத் தொடங்குகிறது. முதல் வாரம் நாளுக்கு ஒன்றரை லட்சம், அடுத்த வாரம் இரண்டரை லட்சம், கடைசி வாரம் 5 லட்சம். பண்டிகையன்று கடை அடைப்பு. அதற்குப் பிறகு இரண்டு வாரம் மந்தம். நாளுக்கு 60 ஆயிரம் வந்தால் அதிகம்.

இந்தக் கடை 2023இலும் 2024இலும் துளியும் வளரவில்லை, துளியும் தேயவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாள் நாளாகக் கூட்டினால் 2023 அக்டோபரில் 39 லட்சம், 2024 அக்டோபரில் 72 லட்சம். வியாபாரம் 85 சதவீதம் ஏறிவிட்டதாகத் தாள் சொல்லும். நவம்பரோ 57 லட்சத்து 40 ஆயிரத்திலிருந்து 24 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விழும். இரண்டு மாதத்தையும் சேர்த்தால் இரண்டு வருடத்திலும் 96 லட்சத்து 40 ஆயிரம். ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை. மந்தமான இரண்டு வாரமும் பண்டிகையோடு சேர்ந்தே நகர்வதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. ஒரு மாதத்திலிருந்து கூட்டம் போய்விடுகிறது, அதன் இடத்தில் வெறிச்சோடிய நாட்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

தீபாவளி இரண்டு வருடமும் ஒரே மாதத்தில் வந்தால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியில்லை. 2025இல் அக்டோபர் 20 பண்டிகை என்பதால், கூட்டத்தின் முதல் இரண்டு நாட்கள் செப்டம்பருக்குப் போய்விட்டன. மந்தத்தில் 11 நாட்கள் அக்டோபருக்குள் வந்துவிட்டன. அதே கடை அதே வேகத்தில் விற்றாலும் 72 லட்சம் 66 லட்சத்து 60 ஆயிரமாகும். உண்மையில் பத்து சதவீதம் வளர்ந்த கடைக்குக்கூட, ஏதோ இரண்டு சதவீதம் ஏறியதாகத்தான் தெரியும்.

சரிசெய்யும் முறை எளிது. நாட்காட்டியின் மாதத்தை விட்டுவிட்டு, தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தினசரி விற்பனைத் தாளில் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, பண்டிகைக்கு எத்தனை நாள் முன்பு என்று எழுதுங்கள். 2025 அக்டோபர் 13க்கு 7, அக்டோபர் 12க்கு 8. இப்போது 2024இன் ஏழாம் நாளை 2025இன் ஏழாம் நாளோடு ஒப்பிடலாம்.

தனித்தனி நாளாக ஒப்பிட்டால் கிழமை குறுக்கே வரும். 2025 தீபாவளி திங்கட்கிழமை, அதனால் முந்தைய நாள் ஞாயிறு. கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. 2024இல் அது புதன்கிழமை. ஆகவே 28 நாட்களை ஒரே கட்டாகக் கூட்டுங்கள். ஏழின் மடங்காக எடுத்தால் எந்த வருடமும் நான்கு ஞாயிறுதான் இருக்கும். ஆயுத பூஜையும் சந்திரக் கணக்கில் வருவதால், பெரும்பாலும் தீபாவளிக்கு இருபது நாள் முன்பு அந்தக் கட்டுக்குள்ளேயே விழும். மந்தத்தையும் பார்க்க விரும்பினால் பின்னால் 14 நாளைத் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். வாகன விற்பனையாளர்களின் கூட்டமைப்பான ஃபாடா, நவராத்திரியிலிருந்து எண்ணி 42 நாட்களைப் பண்டிகைக் காலம் என்று வைத்து ஒப்பிடுவதும் இந்த நோக்கத்தில்தான். சீனாவில் சந்திரப் புத்தாண்டு ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் மாறி மாறி வருவதால், அங்குள்ள புள்ளிவிவரத் துறை அந்த இரண்டு மாதச் சில்லறை விற்பனையைச் சேர்த்தே வெளியிடுகிறது.

மாதக் கணக்கு வேண்டியே தீரும் என்றால், இந்த மாதம் எவ்வளவு விற்றிருக்க வேண்டும் என்று முதலில் போட்டுப் பாருங்கள். 2026 அக்டோபரில் நம் கடைக்குச் சாதாரண நாள் 17, ஒன்றரை லட்ச நாள் 7, இரண்டரை லட்ச நாள் 7. கூட்டினால் 45 லட்சம். 5 லட்சம் விற்கும் கடைசி வாரம் முழுக்க நவம்பரில் இருக்கிறது. விற்றது 49 லட்சத்து 50 ஆயிரம் என்றால் பத்து சதவீத வளர்ச்சி. முந்தைய அக்டோபரின் 66 லட்சத்தோடு ஒப்பிடுபவரோ நான்கில் ஒரு பங்கு வியாபாரம் போய்விட்டதாகப் பயப்படுவார். சரக்கைக் குறைப்பார், விற்பனையாளர்களின் ஊக்கத்தொகையை நிறுத்துவார். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு மனம் பொறுக்காதது. நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டியவருக்கு, நாட்காட்டி செய்த பிழைக்காகப் பணம் குறையக் கூடாது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. தீபாவளிக்கும் சம்பள நாளுக்கும் உள்ள தூரம் வருடத்துக்கு வருடம் மாறும். 2023இல் 1ஆம் தேதிச் சம்பளம் பண்டிகைக்குப் பதினொரு நாள் முன்பு கைக்கு வந்தது. 2024இல் மாதக் கடைசி, பல வீடுகளில் போனஸை நம்பித்தான் துணி எடுத்தார்கள். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. நவம்பரில் வரும் தீபாவளிக்கு மழை குறுக்கிடும் வாய்ப்பு அதிகம். நாளை ஒட்டவைத்த பிறகும் ஐந்தாறு சதவீத வித்தியாசம் தெரிந்தால், வளர்ச்சி என்றோ சரிவு என்றோ சொல்லும் முன் இந்த இரண்டையும் பாருங்கள். அதற்காகத்தான் மழை பெய்த நாட்களையும் தாளில் குறித்துவைக்கச் சொல்கிறேன்.

ரம்ஜானுக்கு வியாபாரம் செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த நாட்காட்டியில் அதிக மாதம் கிடையாது. பண்டிகை ஒவ்வொரு வருடமும் முன்னுக்கு வந்துகொண்டே இருக்கும். 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31 என்று வந்ததால், 2024-25 என்ற ஒரே நிதியாண்டுக்குள் இரண்டு ரம்ஜான் விழுந்துவிட்டது. அந்த ஆண்டின் மொத்தத்தை அப்படியே வைத்து அடுத்த ஆண்டுக்கு இலக்கு போட்டவர்கள், ஒரு பெருநாள் வியாபாரத்தை அதிகமாகக் கேட்டிருக்கிறார்கள்.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் 31 இரவு மாதக் கணக்கை மூடிவிட்டு யாரையும் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். நவம்பர் 7 இரவு கடை சாத்தும்வரை பொறுங்கள். அக்டோபர் 11 முதல் அன்று வரையிலான 28 நாளைக் கூட்டி, 2025 செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 19 வரையிலான தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.