ஒரு அகலத் தொலைவில் அடங்கும் தகைவு

40 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எஃகுப் பட்டையின் முனையில், நட்டநடுவே 40 கிலோநியூட்டன் விசை அழுத்துவதாகக் கொள்வோம். விசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு, சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன். ஆனால் முனையிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே, நடுவில் ஏறக்குறைய 258. ஓரத்திலோ வெறும் 20. மேலும் பத்து மில்லிமீட்டர் போனால் 139, 67. அகலத்துக்குச் சமமான 40 மில்லிமீட்டர் தொலைவில் 103, 97. வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது.

ஏன் இப்படி? விசை விழும் நடுப்பகுதி அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது. பக்கத்துப் பகுதி அதோடு ஒட்டியிருப்பதால் அதைத் தனியே நழுவ விடுவதில்லை. இடையில் எழும் சறுக்குத் தகைவு, சுமையை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்துகிறது. இந்தச் சீராகும் இயல்பை 1855-இல் எடுத்துரைத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் சான் வெனான். எஃகின் வலிமையைச் சோதிக்கும்போது பிடிகளுக்கு அருகில் அளக்காமல் நடுப்பகுதியில் அளப்பது இதனால்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. வகுத்துக் கிடைத்த 100 என்ற எண்ணை நம்பி முனையை வடிவமைத்தால், அங்கேதான் உலோகம் நசுங்கும். மெல்லிய சுவர் கொண்ட, ஒருபுறம் திறந்த சேனல் போன்ற உத்திரங்களில் இந்த ஏற்றத்தாழ்வு அகலத்தைவிடப் பல மடங்கு தொலைவு வரைகூட நீளலாம்.